கேள்வி-பதில்: 'இந்த விலை அதிகமா?'

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கினேன். சொன்ன விலையில் 20% குறைத்துக் கொடுத்தார். நல்ல பேரம்தானே?

பதில்: அந்த விலையைச் சொன்னவரும் அவர்தானே?

கேள்வி: வீடு பார்க்கிறோம். விற்பவர் கேட்கும் விலையை நாங்கள் பொருட்படுத்துவதே இல்லை, வீட்டை வைத்துத்தான் முடிவு. அப்படியும் ஏமாறுவோமா?

பதில்: ஏமாறலாம். 1987-இல் நார்த்கிராஃப்ட், நீல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் டூசான் நகரில் ஒரே வீட்டை மாணவர்களுக்கும் வீட்டு முகவர்களுக்கும் காட்டினார்கள். விவரக் குறிப்புகளும் ஒன்றேதான். கேட்கும் விலை மட்டும் ஆளுக்கு ஆள் மாறியது: சிலருக்கு 65,900 டாலர், சிலருக்கு 83,900. கூடுதல் விலையைப் பார்த்தவர்கள் வீட்டின் மதிப்பையும் கூட்டியே சொன்னார்கள். அதே தொழிலில் இருக்கும் முகவர்களும் தப்பவில்லை. ஆனால் கேட்கும் விலையை வைத்து மதிப்பிட்டதாக அவர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளவில்லை. உங்களைப் போலத்தான்.

எனக்குத் தீராத எரிச்சல் ஒன்று உண்டு. வீடு பார்த்துவிட்டு வருகிற எல்லோரும் கேட்பது, 'இந்த விலை அதிகமா?' கேள்விக்குள்ளேயே விற்பவரின் எண் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அப்புறம் மனம் அந்த எண்ணுக்குப் பொருத்தமான காரணங்களைத்தான் தேடும்: நல்ல வெளிச்சம், புதுத் தரை, பெரிய பால்கனி. அங்கிருந்து கொஞ்சம் கீழே இறங்கி, 'இது பரவாயில்லை' என்று படும் முதல் இடத்தில் நின்றுவிடும். என் வீட்டுச் சோபா அப்படி வந்ததுதான். அடித்துப் போட்டிருந்த பழைய விலையைப் பார்த்தேனே தவிர, உட்கார்ந்து பார்க்கவில்லை.

'இதே அளவு வீடுகள் சமீபத்தில் என்ன விலைக்குக் கைமாறின?' என்று கேளுங்கள். விற்பவரின் விலை காதில் விழும் முன்பே உங்கள் மதிப்பை எழுதிவையுங்கள். விழுந்துவிட்டதா? சரி, அந்த விலை ஏன் பொருந்தாது என்று காரணங்களை எழுதுங்கள். கார் மதிப்பிடத் தெரிந்தவர்களிடம் ஜெர்மன் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தபோது, முதல் எண்ணின் இழுப்பு குறைந்தது.

கேள்வி: கூடுதல் உத்தரவாதத்துக்கு இரண்டே பொத்தான்கள்: 'ஆம், பாதுகாப்பு வேண்டும்', 'வேண்டாம், பழுதானால் முழுச் செலவும் என்னுடையது'. பயந்து முதலாவதை அழுத்திவிட்டேன். முட்டாள்தனமா?

பதில்: இல்லவே இல்லை. ஒரு பக்கம் நன்மையை மட்டும், மறுபக்கம் இழப்பை மட்டும் எழுதி வைத்தால் யாருக்கும் கை நன்மைப் பக்கம்தான் போகும். நேர்மையான கேள்வி இப்படி இருந்திருக்கும்: 'இவ்வளவு பணத்துக்கு, இத்தனை மாதம், இன்னின்ன பழுதுகளுக்கு மட்டும் காப்பு வேண்டுமா?' ரத்துசெய்ய அவகாசம் உண்டா என்று இன்றே ஒப்பந்தத்தில் பாருங்கள். புகார் கொடுத்தால் அந்தத் திரையின் படத்தையும் இணையுங்கள்.

கேள்வி: '90% பேருக்குத் திருப்தி' என்று போட்டிருந்ததால் சலவை இயந்திரம் வாங்கினேன். மூன்றே மாதத்தில் பழுது. பொய் சொல்லிவிட்டார்களா?

பதில்: பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அதையே '10 பேரில் ஒருவருக்குத் திருப்தி இல்லை' என்று எழுதியிருந்தால் வாங்கியிருப்பீர்களா? யாரிடம், வாங்கி எத்தனை நாளில், எப்படிக் கேட்டார்கள் என்பதை நீங்களும் பார்க்கவில்லை. உத்தரவாதச் சீட்டைப் பற்றியும் உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. முதலில் அதைத் தேடுங்கள்.