‘மார்க்கெட்டிங் வேலை’ என்று போன பையன் 16,500 ரூபாய் கேட்கிறான்: ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா,

பி.காம் முடித்த உங்கள் மகன் நண்பன் சொன்ன வேலைக்காகக் கோவை போயிருக்கிறான். சம்பளம் 18,000, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்று சொன்னார்கள். போன மூன்றாம் நாள் ‘ஜாயினிங் கிட்’ வாங்க 16,500 ரூபாய் அனுப்பச் சொல்கிறான். அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்ப வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது வேலையே இல்லை, ஆள் சேர்க்கும் சங்கிலி.

விற்பனை வேலை எப்படி இருக்கும் என்று முதலில் சொல்கிறேன். பிஸ்கட், சோப்பு போன்றவற்றைக் கடைகளுக்குப் போடும் சேல்ஸ்மேனுக்கு அடிப்படைச் சம்பளம் உண்டு, பெட்ரோல் படி உண்டு, டார்கெட்டை எட்டினால் இன்சென்டிவ் உண்டு. சாம்பிள், ஆர்டர் எடுக்கும் கருவி எல்லாம் நிறுவனம் கொடுக்கும். அவருடைய டார்கெட் கடைக்காரர் வாங்கும் சரக்கை வைத்துக் கணக்காகும். உங்கள் மகனிடம் சொல்லப்பட்ட டார்கெட்டோ அவனே வாங்க வேண்டியது. ‘மாதம் 3,000 ரூபாய்க்குப் பொருள் எடுத்தால்தான் ஐடி ஆக்டிவாக இருக்கும்’ என்கிறார்கள். தன் கைக்காசில் தன் நிறுவனத்திடமே வாங்குகிறவன் அங்கே ஊழியன் இல்லை, வாடிக்கையாளன்.

கமிஷன் மட்டுமே உள்ள வேலை எல்லாம் மோசடி என்று நான் சொல்லவில்லை. ஆயுள் காப்பீட்டு முகவருக்கும் மாதச் சம்பளம் கிடையாது. ஆனால் அவருக்குக் கமிஷன் வருவது பாலிசி எடுத்தவர் கட்டும் பிரீமியத்திலிருந்து. இந்த இடத்தைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்: பணம் எங்கிருந்து வருகிறது? வெளியாள் பொருள் வாங்கியதாலா, புதிதாக ஒருவன் சேர்ந்ததாலா? அந்தக் கிட்டில் கோட் சூட் துணியும் மூலிகைப் பொடி டப்பாவும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உறுப்பினர் அல்லாத ஒருவர், கமிஷன் ஆசை எதுவும் இல்லாமல், அந்த விலைக்கு அவற்றை வாங்குவாரா என்று மகனிடம் கேளுங்கள். வாங்க மாட்டார் என்றால், பொருள் வெறும் சாக்கு. விற்கப்படுவது உறுப்பினர் பதவிதான்.

அவனுக்குக் காட்டிய பிளானைப் போட்டுப் பார்த்தேன். அவனுக்குக் கீழே எந்த வரிசையிலானாலும் இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் சேர்ந்தால் ஒரு ஜோடி; ஜோடிக்கு 2,000 ரூபாய். கட்டிய 16,500 திரும்பி வரவே ஒன்பது ஜோடி, அதாவது அவனுக்குக் கீழே 18 பேர் வேண்டும். இனி எல்லாம் நன்றாகவே நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே ஒருவர், அவருக்குக் கீழே 2, பிறகு 4, 8, 16 என்று மொத்தம் 31 பேர் சேர்ந்துவிட்டார்கள், ஒருவர்கூடச் சோம்பேறி இல்லை. கடைசி வரிசை 16 பேருக்குக் கீழே யாரும் இல்லை, வரவு பூஜ்யம். அதற்கு மேலுள்ள 8 பேருக்கு ஆளுக்கு ஒரு ஜோடி, 2,000. அதற்கு மேல் 4 பேருக்கு ஆளுக்கு 6,000. அடுத்த 2 பேருக்கு ஆளுக்கு 14,000. அவர்கள் போட்டதே இன்னும் வரவில்லை. உச்சியில் இருக்கும் ஒருவருக்கு மட்டும் 30,000. 31 பேரும் கட்டியது 5,11,500; கமிஷனாகத் திரும்பியது 98,000. முப்பது பேருக்கு நஷ்டம்.

‘இன்னும் ஆள் சேர்ந்தால் சரியாகிவிடும்’ என்பார்கள். ஆகாது. சங்கிலி எவ்வளவு நீண்டாலும் கீழே உள்ள நாலு வரிசை எப்போதும் இதே நிலையில்தான் இருக்கும், அந்த நாலு வரிசையில்தான் 16-இல் 15 பேர் இருப்பார்கள். இந்தக் கணக்கை ஒரு தாளில் அவனையே போடச் சொல்லுங்கள். பி.காம் படித்தவன், ஐந்து நிமிட வேலை.

மாதாந்தரப் பர்ச்சேஸ் இதற்கு மேல். தவறவிட்டால் சேர்ந்திருக்கும் பாயின்ட் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். அதைக் கட்டத்தான் பிள்ளைகள் லோன் ஆப்பில் கடன் வாங்குகிறார்கள். அவனிடம் அதையும் கேளுங்கள்.

அப்புறம் ஆள் சேர்க்கும் அழுத்தம். எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான். முதல் வாரமே ‘நேம் லிஸ்ட்’ எழுதச் சொல்வார்கள்: பள்ளி நண்பர், கல்லூரி நண்பர், சித்தி மகன், பக்கத்து வீட்டு அண்ணன் என்று நூறு பேர். பக்கத்தில் ஒரு சீனியர் உட்கார்ந்திருக்க, ஸ்பீக்கரில் போட்டு அழைக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, பிளானைச் சொல்லக் கூடாது, ‘நல்ல வேலை இருக்கு, கிளம்பி வா’ என்று மட்டும் சொல்ல வேண்டும். உங்கள் மகனின் நண்பன் சொன்னதும் இதே வாசகம்தான், கவனித்தீர்களா? அந்தப் பையன் கெட்டவன் இல்லை. அவனும் போட்டதை எடுக்கத் தவிக்கிறான்.

அதனால் போனில் திட்டாதீர்கள். ‘வீட்டில் எதிர்ப்பார்கள், அவர்கள் நெகட்டிவ்’ என்று மேலே இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள். நீங்கள் கோபப்பட்டால் அவர்கள் சொன்னது நிஜமாகிவிடும். மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள்: சம்பளத் தொகை எழுதிய அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கையில் இருக்கிறதா? கிட் வாங்காமல் நாளையே வேலைக்குப் போக முடியுமா? ஒரு ஆளைக்கூடச் சேர்க்காமல் பொருளை மட்டும் விற்றால் மாதம் என்ன வரும்? பதில் சொல்லத் திணறினால் அவனுக்கே புரிய ஆரம்பிக்கும்.

சட்டமும் அவன் பக்கம் இருக்கிறது. கடை இல்லாமல் உறுப்பினர்கள் மூலம் விற்கும் நேரடி விற்பனைக்கு மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் நுழைவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்கின்றன. 2021 டிசம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் இப்படி ஆள் மேல் ஆள் சேர்க்கும் பிரமிடு திட்டங்களைத் தடை செய்கின்றன. ஆனால் அவன் சேர்ந்துவிட்டால் சட்டம் அவன் மீதும் பாயலாம்: ஆள் சேர்ப்பதை வைத்துப் பணம் தருவதாகச் சொல்லும் பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் நடத்துபவரை மட்டுமல்ல, அதில் உறுப்பினராகச் சேர்பவரையும் குற்றவாளி என்கிறது. மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நண்பர்களை இழுத்துப் போட்டால் நாளை புகாரில் முதலில் வரும் பெயர் அவனுடையதாக இருக்கும், ஏனென்றால் அவர்களுக்குத் தெரிந்த முகம் அவன்தான்.

நீங்களோ அவன் அப்பாவோ நேரில் போய் அழைத்து வருவது நல்லது. அசல் சான்றிதழ்களைக் கொடுத்திருந்தால் முதலில் அவற்றைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அங்கேயுள்ள காவல் நிலையத்துக்குப் போங்கள். ஏற்கெனவே ஏதாவது பணம் கட்டியிருந்தால், பொருளைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு, விலகுகிறேன், பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று மின்னஞ்சலில் எழுதச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவன் வெளியேறும் முன் உரையாடல்களையும் பணம் அனுப்பிய ரசீதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். பல பேர் ஏமாந்திருந்தால் எல்லோரும் சேர்ந்து பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போங்கள்.

அவன் யாரையாவது ஏற்கெனவே அழைத்திருந்தால், அந்த நண்பர்களுக்கு இன்றே போன் செய்து ‘வராதே, பணம் கட்டாதே’ என்று சொல்லச் சொல்லுங்கள். அவனுக்கு வெட்கமாக இருக்கும். பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருங்கள்.