ஸ்கேன் ரிப்போர்ட் போட்டோவைப் பிரித்து எழுதுவது

கேள்வி: ரிப்போர்ட் போட்டோவிலிருந்து ஃபைண்டிங்ஸ், இம்ப்ரெஷன் இரண்டையும் மருத்துவ வார்த்தை மாறாமல் எப்படிப் பிரித்து எழுதுவது?

பதில்: அச்சிட்ட தலைப்பை வைத்துப் பிரித்து எழுதுங்கள். இம்ப்ரெஷனுக்குப் பதில் ‘கன்க்ளூஷன்’ என்றும் இருக்கலாம்.

ஒரு மார்பு சிடி ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். ஃபைண்டிங்ஸில் வலது நுரையீரலில் 6 மி.மீ. நாட்யூல், இம்ப்ரெஷனில் அதுவே இடது. திருத்தத் தோன்றும், தொடாதீர்கள். எது சரி என்பதைப் படத்தைப் பார்த்த ரேடியாலஜிஸ்ட்தான் சொல்ல முடியும். இரண்டையும் உள்ளபடியே எழுதி, முரணைத் தனிக் குறிப்பாகக் கீழே வையுங்கள். அவர் திருத்த அறிக்கை தரலாம்.

அப்புறம், வரி முடிவில் நிற்கும் ‘நோ’வை விட்டுவிட்டால் இல்லாத கட்டி இருப்பதாகிவிடும். காகித மடிப்பில் 1.6ஆ, 16ஆ என்று தெரியாவிட்டால் ஊகிக்காமல் [தெளிவில்லை] என்றே எழுதுங்கள்.