அன்னதானச் சோற்றுக்கு அண்டா அளவு

"கோயில் திருவிழாவில் 200 பேருக்குச் சாப்பாடு. ஆளுக்கு 120 கிராம் அரிசி, வடித்த சோறு. எங்கள் அண்டா 56 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். போதுமா?"

ஒரே ஈட்டில் போதாது, இரண்டு ஈட்டில் தாராளமாகப் போதும்.

மொத்த அரிசி 24 கிலோ. அண்டாவின் அளவைத் தீர்மானிப்பது சோறு அல்ல, உலைநீர்தான். வடிப்பதற்குக் கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர் வைக்கிறோம். அரிசி அடைக்கும் இடம் முக்கால் லிட்டர். பொங்கி வழியாமலிருக்க மேலே கால் பங்கு காலியிடம் வேண்டும். ஆகக் கிலோவுக்குச் சுமார் ஏழரை லிட்டர், 24 கிலோவுக்குச் சுமார் 180 லிட்டர்.

உங்கள் அண்டா பக்கம் நேராக இருந்தால் 56 × 56 × 0.785 × 40 ÷ 1000, அதாவது சுமார் 98 லிட்டர். 12 கிலோ ஈட்டுக்கு 90 லிட்டர் போதும்.

பெரிய அண்டா வாடகைக்கு எடுக்க வேண்டாம் என்பேன். சோற்றின் ஆழம் கூடினால் மேலே நறுக்கரிசி, அடியில் குழைவு. அந்தக் கனத்தைச் சாய்த்துக் கஞ்சி வடிப்பதும் ஆபத்து. வேறு வழியின்றி எடுத்தால் ஒன்று கவனியுங்கள்: அகலமும் உயரமும் இரட்டித்தால் கொள்ளளவு எட்டு மடங்காகிவிடும்.

முதல் ஈட்டை ஓலைப்பாயில் பரப்பித் துணியால் மூடிவிட்டு அடுத்த உலையை ஏற்றுங்கள்.