புரோகிராம் ஓடவில்லை என்றால் எப்படிக் கேட்பது?

கேள்வி: எங்கள் பாப்பா ஈரோட்டுப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் முதல் வருடம் சேர்ந்திருக்கிறாள். ஓரியன்டேஷன் அன்று அவங்க ஹெச்.ஓ.டி., "புரோகிராம் எழுத வரவில்லை என்றால் கேளுங்கள், ஆனால் நேர்மையாகக் கேளுங்கள், யார் உதவினார்கள் என்று எழுதி வையுங்கள்" என்று பேசினார். அதிலிருந்து, கேட்டாலே மார்க் போய்விடும் என்று பயந்து யாரிடமும் கேட்பதில்லை. இங்கே ஒரு சென்டரில் லேப் ரெகார்டு, மினி ப்ராஜெக்ட் எல்லாம் முடித்துத் தருகிறோம், அதுவும் உதவிதானே என்கிறார்கள். சேர்த்துவிடலாமா?
— ஒரு தந்தை, கோபிசெட்டிபாளையம்

பதில்: சென்டரில் சேர்க்க வேண்டாமுங்க. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பாப்பாவின் பயத்தைப் பார்ப்போம். ஹெச்.ஓ.டி. சொன்னது சரியான பேச்சு. ஆனால் மேடையில் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். எப்படிக் கேட்பது என்று ஒரு உதாரணம்கூடக் காட்டவில்லை போலிருக்கிறது. அதனால்தான் பிள்ளைகளுக்கு "நேர்மையாக" என்ற ஒரு வார்த்தை மட்டும் மிரட்டலாக மனதில் நின்றுவிடுகிறது.

உதாரணத்தை நான் காட்டுகிறேன். இப்போது பல கல்லூரிகளில் முதல் செமஸ்டரிலேயே பைதான் என்ற புரோகிராம் மொழியை வைத்திருக்கிறார்கள். காலையில் சொசைட்டிக்கு ஊற்றிய பால், மாலையில் ஊற்றிய பால், இரண்டையும் கூட்டிச் சொல்ல வேண்டும் என்று ஒரு கணக்கு. பாப்பா இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

```python
kaalai = input("காலை லிட்டர்: ")
maalai = input("மாலை லிட்டர்: ")
print(kaalai + maalai)
```

காலைக்கு 6, மாலைக்கு 4 என்று கொடுக்கிறாள். 10 வர வேண்டும். திரையில் வருவது 64. சிவப்பு எழுத்தில் எந்தப் பிழையும் வராது. கம்ப்யூட்டர் அமைதியாகத் தப்பான விடையைச் சொல்லிவிட்டுப் போய்விடும். புதிதாகக் கற்கும் பிள்ளையை அதிகம் குழப்புவது இந்த மாதிரித் தப்புதான், ஏனென்றால் எதைப் பிடித்துத் தேடுவது என்றே தெரியாது.

இந்த இடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் செய்வது, போனில் திரையைக் கோணலாகப் படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் "அக்கா, வொர்க் ஆகல" என்று சீனியருக்கு அனுப்புவது. சீனியருக்கும் நாளைக்குப் பரீட்சை. அவள் தன்னுடைய பழைய ஃபைலை அனுப்பி "இதைப் போட்டுக்கோ" என்பாள். வேலை முடிந்தது, பிள்ளைக்கு ஒன்றும் ஏறவில்லை. அந்தப் பிள்ளை ஏமாற்ற நினைத்துக் கேட்கவில்லை. கேட்ட விதம் அப்படி, அதனால் வந்த பதிலும் அப்படி.

அதையே இப்படிக் கேட்டுப் பார்க்கட்டும்: "அக்கா, 6, 4 கொடுத்தேன். 10 எதிர்பார்த்தேன். 64 வருகிறது. 2, 3 கொடுத்தால் 23 வருகிறது. கூட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுகிற மாதிரி தெரிகிறது. ஏன் என்று புரியவில்லை." கூடவே அந்த மூன்று வரிக் குறியீட்டையும் படமாக இல்லாமல் எழுத்தாகவே ஒட்டி அனுப்பட்டும். என்ன கொடுத்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது, நான் எதுவரை பார்த்தேன் — இதற்குமேல் கேள்வியில் எதுவும் வேண்டாம். அரை மணி நேரம் தானே முட்டிப் பார்த்துவிட்டு இதை அனுப்பினால் போதும். மூன்று நாள் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

இப்படிக் கேட்டால் சீனியர் ஃபைலை அனுப்ப மாட்டாள். "`print(type(kaalai))` என்று ஒரு வரி சேர்த்துப் பார்" என்பாள். பார்த்தால் `<class 'str'>` என்று வரும். அதாவது `input()` எதை வாங்கினாலும் எழுத்தாகத்தான் வாங்கிக் கொடுக்கும். 6 என்பது அதற்கு எண் இல்லை, ஒரு எழுத்து. எழுத்துக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் ஒட்டிவிடும். சரி என்று பாப்பா `int(input(...))` என்று மாற்றுவாள். 10 வந்துவிடும்.

இங்கேதான் கேட்டுப் படித்த பிள்ளைக்கும் வாங்கி ஒட்டிய பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். வாய்மொழித் தேர்வான வைவாவில், வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் ஒன்றும் பெரிதாகக் கேட்க வேண்டியதில்லை. காலை லிட்டருக்கு 6.5 என்று தட்டுவார், அவ்வளவுதான். புரோகிராம் நின்றுபோய் நாலைந்து வரிப் பிழைச் செய்தி வரும். அதில் கடைசி வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும்:

```
ValueError: invalid literal for int() with base 10: '6.5'
```

எழுத்தாக வருவதில் `int` முழு எண்ணை மட்டும்தான் ஏற்கும், 6.5-ஐ ஏற்காது என்று அதுவே சொல்கிறது. `type` பார்த்துக் கற்ற பிள்ளை இதைப் படித்துவிட்டு, புள்ளி வைத்த எண்ணையும் ஏற்கும் `float` என்று மாற்றிவிடும். வாங்கி ஒட்டிய பிள்ளை, "வீட்டில் ஓடியதுங்க சார்" என்று நிற்கும்.

அப்புறம், உதவியை எழுதி வைப்பது. குறியீட்டின் மேலேயே `#` போட்டு ஒரு வரி எழுதினால் போதும். அந்த வரியைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. பைதான் 3-ல் தமிழிலேயே எழுதலாம்:

```python
# input() எழுத்தாகத் தரும் என்று இரண்டாமாண்டு சீனியர்
# சொன்னார். float() மாற்றம் நான் செய்தது.
```

இதற்கு மார்க் போகுமா என்றால், வழக்கமான லேப் பயிற்சியில் இப்படி எழுதியதற்காக மார்க் வெட்டுகிற ஆசிரியரை நான் பார்த்ததில்லை. மாறாக, எதுவரை பிள்ளைக்குத் தெரியும் என்று அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. மாதிரித் தேர்வும் செமஸ்டர் தேர்வும் வேறு, அங்கே கேட்கவே கூடாது.

ஒரு இடத்தில் மட்டும் குழப்பம் உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல லேப்களில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். பட்டியலில் ஆளுக்கொன்று என்று இருக்கும். போய்ப் பார்த்தால் பாதி ஓடாது. இரண்டு பேரும் பேசிப் பேசி ஒரே புரோகிராமை எழுதுவார்கள், ஒருத்தி தட்டுவாள், ஒருத்தி சொல்வாள். பிறகு இரண்டு பேரும் தனித்தனியாக அதே ஃபைலைச் சமர்ப்பிக்க வேண்டும். இது காப்பியா? பிள்ளைகள் பார்வையில் இல்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி ஒன்றில் போட்டால் அப்பட்டமான காப்பி என்றுதான் காட்டும். மாஸ் என்று ஒரு கருவி 1994-லிருந்தே இருக்கிறது. பெயர்களை மாற்றி வைத்தாலும் குறியீட்டின் அமைப்பைப் பார்த்துப் பிடித்துவிடும். அதனால் முதல் லேப் அன்றே பொறுப்பாசிரியரிடம் கேட்டுவிட வேண்டும்: "மேடம், நாங்கள் இரண்டு பேர் ஒரே கம்ப்யூட்டர், சேர்ந்து எழுதியதை இரண்டு பேரும் வைக்கலாமா?" வைக்கலாம் என்றால், இரண்டு ஃபைலிலும் இரண்டு பேருடைய பதிவு எண்ணும் மேலே இருக்கட்டும். தனியாக வேண்டும் என்றால், பேசி முடித்துவிட்டு ஃபைலை மூடி, வீட்டிலோ அடுத்த பீரியடிலோ அவரவர் புதிதாகத் தட்ட வேண்டும். எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரி வந்தாலும் பரவாயில்லை; சேர்ந்து பேசினோம் என்ற குறிப்பு மேலே இருந்தால் பேச்சு முடிந்தது. ஆசிரியர் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று மழுப்பினால், குறிப்பைக் கட்டாயம் எழுதுங்கள். நாளைக்கு மேலே கேட்டால் அவர் மழுப்பியது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இதில் பிள்ளைகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. ரெகார்டு நோட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் கையெழுத்துப் போட மாட்டோம் என்கிறார்கள். 64 வந்தது, பிறகு இப்படிச் சரிசெய்தேன் என்று எழுத அந்த நோட்டில் இடமே இல்லை. சுத்தமான குறியீடு, சுத்தமான விடை, அதற்குத்தான் மார்க். சுத்தமாக இருப்பதற்கு எளிய வழி போன வருட ரெகார்டைப் பார்த்து எழுதுவது. ஓரியன்டேஷனில் நேர்மை பற்றிப் பேசுகிற துறைத் தலைவர்கள், அந்தப் பேச்சை முதலில் ரெகார்டு திருத்துகிறவர்களிடம் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்த ஓட்டையில்தான் சென்டர்காரர்கள் நுழைகிறார்கள். கோவை காந்திபுரத்திலும் ஈரோட்டிலும் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தெருக்களில் இந்த மாதிரிப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் உங்கள் பாப்பாவுக்கென்று எதுவும் எழுதுவதில்லை. ஒரே ப்ராஜெக்ட், கடை பெயரையும் காலேஜ் பெயரையும் மாற்றி, ஊர் ஊராகப் போகிறது. நான் எக்ஸாமினராகப் போன வெவ்வேறு காலேஜ்களில் ஒரே பில் போடும் ப்ராஜெக்ட் வந்து நின்றது. திரையில் எல்லாவற்றிலும் `Enter the quatity` என்று அதே எழுத்துப் பிழை. அந்தப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் தனித்தனியாகப் பணம் போயிருக்கிறது.

இதற்கும் சீனியர் உதவிக்கும் என்ன வித்தியாசம் என்று சென்டர்காரர் கேட்பார். சீனியர் உதவியை ஃபைலின் மேலே எழுத முடியும். "இன்ன சென்டரில் பணம் கொடுத்து வாங்கியது" என்று எழுதிச் சமர்ப்பிக்க முடியுமா என்று அவரையே கேளுங்கள். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் முன்பக்கத்தில், இது நான் செய்தது என்று பாப்பாதான் கையெழுத்துப் போட வேண்டும். மாட்டினால் அவள் கையெழுத்துதான் இருக்கும், சென்டர் பெயர் எங்கும் இருக்காது.

பாப்பா முதலில் லேப் பொறுப்பாசிரியரிடம்தான் கேட்க வேண்டும். அவர் நேரமே தருவதில்லை என்றால் துறையில் டியூட்டரிடம் போகட்டும். அதற்கும் மேல் டியூஷன் தேவைப்பட்டால் வைக்கலாம், தப்பில்லை. வைக்கும் முன் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரிய வேண்டியதில்லை. கீபோர்டு யார் கையில் இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். பிள்ளை தட்ட, சொல்லித் தருகிறவர் பக்கத்தில் நின்று கேள்வி கேட்டால் சேர்க்கலாம். அவர் தட்ட, பிள்ளை வேடிக்கை பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தச் சென்டருக்கு ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திரும்பக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் மீதியைக் கட்டாதீர்கள். பாப்பாவின் காலேஜ் லாகின், பாஸ்வேர்டு எதையாவது அவர்களிடம் கொடுத்திருந்தால் இன்று ராத்திரியே மாற்றச் சொல்லுங்கள்.