கலைச்சொல் பதிவு: முதல் வாக்கியம் தனித்து நிற்கிறதா?

கேள்வி: "புகைப்படக் கலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக 60 கலைச்சொற்களை அகர வரிசையில் ஒரே பக்கத்தில் விளக்கி எழுதினேன். 'அப்பர்ச்சர் என்றால் என்ன' என்று தேடினால் என் பக்கம் எங்குமே வருவதில்லை. ஒவ்வொரு சொல்லையும் தனிப் பக்கமாகப் பிரித்துவிடலாமா?"

பிரிப்பதற்கு முன் விளக்கங்களைச் சரிபாருங்கள். இப்படிப்பட்ட பட்டியல்களில் அடிக்கடி கண்ணில் படும் வாக்கியம் இது: "இது எஃப்-ஸ்டாப்பால் அளக்கப்படும், எக்ஸ்போஷரைத் தீர்மானிக்கும் முக்கிய அம்சம்." தவறு ஏதும் இல்லை. ஆனால் அப்பர்ச்சர் தெரியாதவருக்கு எஃப்-ஸ்டாப்பும் தெரியாது, எக்ஸ்போஷரும் தெரியாது. எஃப்-ஸ்டாப்பைத் தேடிப் போனால் அங்கே "அப்பர்ச்சரின் அளவு" என்றிருக்கும். வந்தவர் செக்குமாடு போல் சுற்ற வேண்டியதுதான். தேடுபொறிக்கு வேறு சிக்கல்: தேடல் முடிவின் மேலே காட்டப்படும் பெட்டிக்கு அது பெரும்பாலும் பக்கத்திலிருந்து ஒரு பத்தியை மட்டும் எடுக்கும். "இது" என்று தொடங்கும் பத்தியைத் தனியே எடுத்தால் எதைப் பற்றியது என்றே தெரியாது.

விளக்கத்தின் முதல் வாக்கியத்தில் இரண்டு செய்திகள் போதும்: அந்தப் பொருள் எந்த வகை, அந்த வகையில் மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது. அடுத்த வாக்கியத்தில் ஓர் எண் அல்லது உதாரணம். அதன்பின், புதியவர் தடுமாறும் இடம். அப்பர்ச்சருக்கு அது இப்படி அமையும்:

"அப்பர்ச்சர் என்பது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை, தேவைக்கேற்ப அதைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ முடியும். அதன் அளவை f/2, f/8 என்று குறிப்பார்கள். எண் சிறிதானால் துளை பெரிது: 50 மி.மீ. லென்ஸில் f/2 என்றால் துளையின் விட்டம் 25 மி.மீ., f/8 என்றால் 6.25 மி.மீ."

எண் ஏன் தலைகீழாக ஓடுகிறது என்பதுதான் எல்லாப் புதியவர்களும் முட்டிக்கொள்ளும் இடம். 50-ஐ 2-ஆல், 8-ஆல் வகுத்துக் காட்டியதும் அது விளங்கிவிடுகிறது. எஃப்-ஸ்டாப் என்ற சொல்லே தேவைப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். ஒரு விளக்கத்துக்குள் வேறொரு கலைச்சொல் வந்தே ஆக வேண்டுமென்றால் ஒன்றோடு நிறுத்தி, அதன் விளக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள்.

எழுதி முடித்ததும் தலைப்பை மறைத்துவிட்டு, பத்தியை மட்டும் துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். எதைப் பற்றியது என்று அவர் கேட்டால் திருத்த வேண்டும்.

பக்க அமைப்பில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒவ்வொரு சொல்லும் உண்மையான தலைப்புக் குறியில் இருக்க வேண்டும். தடித்த எழுத்தாக மட்டும் போட்டால் போதாது. நேரே அந்தச் சொல்லுக்கு இணைப்புக் கொடுக்க ஓர் id தேவை.

```html
<h2 id="aperture">அப்பர்ச்சர்</h2>
<p><dfn>அப்பர்ச்சர்</dfn> என்பது…</p>
```

`dfn` குறி, இங்கே விளக்கப்படும் சொல் இதுதான் என்று சொல்கிறது. அதனால் தரவரிசை ஏறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 60 தலைப்பிலும் "என்றால் என்ன" என்று சேர்ப்பதும் வேண்டாம். படிப்பவருக்குச் சலிப்புத்தான் மிஞ்சும். அந்தக் கேள்வி வடிவம் தனிப் பக்கத்தின் தலைப்புக்குப் பொருந்தும்.

இனி பிரிப்பது பற்றி. விளக்கத்தைச் சொல்லி முடித்த பிறகும் புதியவர் கேட்க மூன்று கேள்விகளாவது மிச்சமிருந்தால் அந்தச் சொல் தனிப் பக்கம் பெறலாம். அப்பர்ச்சருக்கு இருக்கின்றன: பின்னணி ஏன் மங்குகிறது, குழுப் படத்துக்கு எவ்வளவு வைப்பது, இருட்டில் என்ன செய்வது. லென்ஸ் மூடிக்கு அப்படி எதுவும் இல்லை. அதைப் பிரித்தால் இரண்டு வரிப் பக்கம் ஒன்றுதான் கிடைக்கும். 60-ஐயும் பிரித்தால் பெரும்பாலானவை இப்படித்தான் ஆகும்.

பிரித்த சொல்லைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டாம். அங்கே ஒரே வாக்கியத்தில் வேறு சொற்களால் விளக்கி, தனிப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள். ஒரே பத்தியை இரண்டிலும் ஒட்டினால் உங்கள் பக்கங்களே ஒன்றோடொன்று போட்டியிடும். கூகுளின் சர்ச் கன்சோலில் அந்தத் தேடல் சொற்றொடரை வடிகட்டி, பக்கங்கள் பகுதியைப் பாருங்கள். வாரத்துக்கு வாரம் இரண்டு முகவரிகள் மாறி மாறி வந்தால் போட்டி நடக்கிறது என்று பொருள்.

அங்கேயே இன்னொன்றும் தெரியும்: பக்கம் பலமுறை காட்டப்பட்டும் யாரும் சொடுக்காமல் போவது. ஒற்றைச் சொற்களுக்குப் பல நேரங்களில் தேடுபொறியே அகராதிப் பொருளைக் காட்டிவிடும்; அங்கே முட்டி மோதிப் பயனில்லை. "அப்பர்ச்சர் பிரயாரிட்டி மோடு", "அப்பர்ச்சருக்கும் ஷட்டர் ஸ்பீடுக்கும் என்ன வேறுபாடு" போன்ற நீண்ட தேடல்களுக்கு ஒரு வரிப் பதில் போதாது. தனிப் பக்கங்களை அவற்றிலிருந்து தொடங்குங்கள்.