‘ஏன் இந்த வேலை?’ என்று விளம்பரமே கேட்டால்: கேள்வி பதில்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் வேலையில் ரொம்ப வருடம் இருந்தவன் நான். விண்ணப்பக் கடிதத்துக்குள்ளேயே ஒரு கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லும் விளம்பரங்களைப் பற்றிக் கேளுங்கள். ரெஸ்யூமே டிசைன் எனக்குத் தெரியாது.

க்யூசி தம்பி: நாலு வருஷமா க்யூசியில் தரம் பார்க்கிற வேலை. ஜூனியர் மெர்ச்சண்டைசர் விளம்பரத்தில் ‘ஏன் மெர்ச்சண்டைசிங்? கடிதத்தில் 150 சொற்களுக்குள் சொல்லவும்’ என்று இருக்கிறது. ‘சவாலான துறை, வளர வாய்ப்பு, புகழ்பெற்ற தங்கள் நிறுவனம்’ என்று எழுதியிருக்கிறேன். போதுமா?

போதாது. மெர்ச்சண்டைசிங் என்பதை அடித்துவிட்டு இன்ஷூரன்ஸ் என்று போட்டாலும் உங்கள் கடிதம் அப்படியே நிற்கிறது. ‘புகழ்பெற்ற தங்கள் நிறுவனம்’ என்ற வரியை எங்கே பார்த்தாலும் அடித்துவிடுங்கள். படிக்கிறவர் அதற்குள் அடுத்த கடிதத்துக்குப் போயிருப்பார்.

அந்தக் கேள்வி ஏன் வைக்கப்பட்டது என்று பாருங்கள். ஃப்ளோரில் நிற்பது போதும், ஏசி அறையில் உட்காரலாம் என்று நினைத்து வருகிறவர்கள் நிறைய. ஆனால் மெர்ச்சண்டைசிங் துரத்துகிற வேலை. ஆடையின் அளவு, துணி விவரங்களோடு டெக் பேக் வந்த நாளிலிருந்து ஷிப்மென்ட் வரை டையிங் யூனிட், பிரின்டிங், பட்டன் சப்ளையர், பையர் என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். லேப் டிப், அதாவது சாயம் போட்டுக் காட்டும் மாதிரித் துணி, அதற்கு அப்ரூவல் தள்ளினால் துணி தள்ளும், கட்டிங் தள்ளும். கடைசியில் கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகும். அந்தச் செலவு பெரும்பாலும் கம்பெனி தலையில்தான் விழும். இது தெரிந்துதான் வருகிறீர்களா என்பதே அவர்கள் கேட்பது.

ஒன்று சொல்லுங்கள். ‘இதை முன்னாலேயே பிடித்திருக்கலாமே’ என்று நீங்கள் நினைத்த ஆர்டர் ஏதாவது உண்டா?

ஈரோட்டு அக்கா: இன்டர்வியூவில் ‘ஏன் இந்த வேலை’ என்று கேட்டால் எப்படிப் பேசுவது? பதற்றமாகிவிடுகிறது.

இங்கே கடிதம் மட்டும்தான் அக்கா. கடிதத்தில் எழுதியதையே அங்கும் பேசுங்கள், மாற்றிப் பேசினால்தான் மாட்டுவோம்.

புதுப் பட்டதாரி: நல்ல ஃபார்மட் ஒன்று அனுப்புங்கள் சார்.

இந்தக் கேள்விக்கு ஃபார்மட் கிடையாது. ஒரே ஃபார்மட்டில் பத்துப் பேர் அனுப்புவதை வடிகட்டத்தான் கேள்வியே வைக்கிறார்கள்.

க்யூசி தம்பி: உண்டு. போலோ டி-ஷர்ட் ஆர்டர். தைக்கும்போதே செய்கிற இன்லைன் செக்கிங்கில் பார்த்தால் காலர் ரிப் ஒரு ஷேடு, பாடி ஒரு ஷேடு. கேட்டால் பாடி துணிக்கு மட்டும் லேப் டிப் அப்ரூவல் வாங்கியிருக்கிறார்கள், ரிப்புக்கு வாங்கவில்லை. அதற்குள் கட்டிங் முடிந்துவிட்டது. அடுத்த ஆர்டரிலிருந்து பாடி, ரிப் ரெண்டுக்கும் மாதிரித் துண்டு, அந்த ரெண்டு ஸ்வாட்சும் சேர்ந்து வந்ததா என்று நானே போய்க் கேட்பேன். இதையெல்லாம் எழுதலாமா?

இதைத்தான் எழுத வேண்டும்! ரிப்பும் பாடியின் ஜெர்சி துணியும் ஒரே சாயத்தை ஒரே மாதிரி வாங்காது என்பது தெரிந்த ஆள், அந்தத் தவறு எந்த மேஜையில் ஆரம்பித்தது என்றும் தேடிப் போயிருக்கிறார். தமிழில் எழுதிக் காட்டுகிறேன். ஆங்கிலத்தில் உங்கள் வாக்கியமாக எழுதுங்கள், இதை வரிக்கு வரி மாற்றாதீர்கள்.

> மெர்ச்சண்டைசிங்குக்கு வர நினைப்பதற்குக் காரணம், க்யூசியில் நான் பிடித்த குறைகளில் பல அப்ரூவல் கட்டத்திலேயே தடுத்திருக்கக் கூடியவை. ஒரு போலோ ஆர்டரில் காலர் ரிப்பும் பாடியும் ஷேடு மாறியிருந்ததை இன்லைனில் கண்டேன். ரிப்புக்குத் தனியாக லேப் டிப் அப்ரூவல் வாங்கப்படவில்லை. அதற்குள் கட்டிங் முடிந்திருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு ஆர்டரிலும் இரண்டு ஸ்வாட்சும் வந்ததா என்று கேட்டு உறுதி செய்தேன். உங்கள் விளம்பரத்தில் லேப் டிப், சாம்பிள் அப்ரூவல் பின்தொடர்வது முதல் பொறுப்பாக உள்ளது. அதைத்தான் முழுநேரமாகச் செய்ய விரும்புகிறேன். ஆடை விலைக்கான காஸ்டிங் இதுவரை போட்டதில்லை. துணி கன்சம்ப்ஷன் கணக்கு தெரியும்.

மூன்று விஷயம் கவனியுங்கள். பதில் முதல் வரியிலேயே வந்துவிட்டது. பையர் பெயர் இல்லை, பழைய மெர்ச்சண்டைசரைக் குறை சொல்லவும் இல்லை. ‘வாங்கப்படவில்லை’ என்பதோடு நிறுத்தியாயிற்று. அவர்கள் விளம்பரத்தில் எழுதிய பொறுப்பு ஒன்றைத் தொட்டிருக்கிறது. உங்கள் விளம்பரத்தில் முதல் பொறுப்பு வேறு என்றால் அந்த வரியை மாற்றுங்கள். காஸ்டிங், கன்சம்ப்ஷன் பற்றி நான் ஊகித்து எழுதியதையும் உங்களுக்கு உள்ளபடி மாற்றுங்கள், கண்ணை மூடிக்கொண்டு ஒட்டாதீர்கள்.

கணக்கன்: எல்லாம் நாடகம் சார். எல்லாரும் சம்பளத்துக்குத்தான் போகிறோம். அதை நேராக எழுதினால் என்ன தப்பு?

தப்பில்லை, பதில் இல்லை. சம்பளம் எந்த வேலையிலும் உண்டு. அவர்கள் கேட்பது இந்த வேலை ஏன் என்று.

கணக்கன்: இந்த வேலையில்தான் ஐயாயிரம் கூட. அதுதானே என் காரணம்? வேறு ஒன்றை எழுதினால் பொய்தானே?

காரணம் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஐயாயிரம் கூடத் தருகிற வேறு வேலைகளுக்கும் போட்டிருப்பீர்கள், சிலவற்றை விட்டிருப்பீர்கள். இதை ஏன் விடவில்லை என்பதை எழுதுங்கள். அதில் பொய் வராது.

ஈரோட்டு அக்கா: எனக்கு வீட்டுக்குப் பக்கம் என்பதுதான் காரணம். குழந்தை பிறந்து மூன்று வருஷம் இடைவெளி. பக்கத்தில் இருந்தால்தான் வேலைக்கே போக முடியும். அதை மறைக்கணுமா?

கணக்கன்: மறைக்காதீர்கள் அக்கா. தூரத்திலிருந்து வருகிறவர்கள் ஆறு மாதத்தில் ஓடிவிடுவார்கள். பக்கத்து ஆள் என்றால் கம்பெனிக்கு லாபம்.

கணக்கன் பாதி சரி. வீடு பக்கம் என்பதைக் கடைசியில் ஒரு வரியாக எழுதலாம். ஆள் நிற்பாரா என்ற சந்தேகம் நிஜமாகவே எல்லாருக்கும் உண்டு. ஆனால் அதையே பதிலாக வைத்தால், பக்கத்தில் வேறு கம்பெனி கூப்பிட்டால் அங்கே போய்விடுவீர்கள் என்றுதான் படிக்கப்படும். இடைவெளி ரெஸ்யூமேவில் தெரியும். இந்தப் பதிலுக்குள் கொண்டுவர வேண்டாம் என்பது என் கருத்து.

பழைய மெர்ச்சண்டைசர்: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இடைவெளியை அவர்களாகக் கேட்கும் முன் நாமே சொல்லிவிட்டால் நல்லது. அப்புறம் அந்தத் தம்பி கடிதத்தில் ‘காஸ்டிங் போட்டதில்லை’ எதற்கு? 150 சொல்லில் நம் குறையை நாமே விளம்பரம் செய்வதா?

இடைவெளி விஷயத்தில் நீங்கள் சொல்வதற்கும் நியாயம் உண்டு. ஆள் எடுப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. காஸ்டிங் வரியை நான் விடமாட்டேன். ஜூனியர் வேலை அது. டிரெயினிங் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று மேலாளருக்குத் தெரிந்தால் அவருக்கு வசதி.

பழைய மெர்ச்சண்டைசர்: மேலாளர் வரைக்கும் கடிதம் போனால்தானே அந்த வசதி? எச்ஆர் அந்த வரியைப் பார்த்தே ஓரம் கட்டிவிடுவார்.

சில இடங்களில் அப்படி நடக்கும்தான். விளம்பரத்தில் காஸ்டிங் கட்டாயம் என்று இருந்தால் நான் விண்ணப்பிக்கவே சொல்லியிருக்க மாட்டேன். தம்பியே முடிவு செய்யட்டும்.

இன்னொரு பட்டதாரி: சார், கவர் லெட்டர் மாடல் ப்ளீஸ்.

மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள்.

கோவைக்காரர்: மெயிலில் எழுதுவதா, தனிக் கடிதமாக இணைப்பதா? கேள்விக்குப் பதில் எந்த இடத்தில்?

விளம்பரம் சொன்ன இடத்தில். ‘கடிதத்தில்’ என்றால் இணைக்கும் கடிதத்தில் முழுதாக இருக்க வேண்டும். மெயிலில் ரெண்டு வரி போதும். கடிதத்தில் முதல் பத்தி எந்த வேலைக்கு விண்ணப்பம் என்று ஒரே வரி, ரெண்டாவது பத்தி அந்தப் பதில். நாலாவது பத்தியில் புதைத்தால், கேள்விக்குப் பதில் எழுதவில்லை என்று குறித்துவிட்டுப் போவார்கள். அப்படி ஒதுங்கிய நல்ல ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

க்யூசி தம்பி: ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். 171 சொல் வருகிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். அளவு சொன்னால் அளவுக்குள் நிற்கிற ஆளா என்று பார்ப்பவர்களும் உண்டு, அதுவும் மெர்ச்சண்டைசிங்கில். எந்த வரி கூடுதல் என்று நினைக்கிறீர்கள்?

க்யூசி தம்பி: கடைசியில் ‘புகழ்பெற்ற தங்கள் நிறுவனத்தில் பணியாற்றும் வாய்ப்பைத் தருமாறு’ என்று சேர்த்திருந்தேன்…

அதை எடுங்கள். இன்னும் மிஞ்சினால் போலோ கதையில் கை வையுங்கள், முதல் வரியைத் தொடாதீர்கள்.