ஃபிரிட்ஜுக்குத் தண்ணீர் இணைப்பு: கால் அங்குல டியூபும் துளிக் கசிவும் – கேள்வி பதில்

திருச்சி வாசகர்: ஐஸ் மேக்கருக்கு நானே இணைப்புக் கொடுத்தேன். புஷ் ஃபிட்டிங்கில் டியூபை அழுத்தித்தான் செருகினேன். இரண்டே நாளில் சொட்டுகிறது. ஃபிட்டிங் மட்டமானதா?

ஃபிட்டிங்கைக் குறை சொல்வதற்கு முன் டியூபின் முனையைப் பாருங்கள். சமையலறைக் கத்தியாலோ கத்தரிக்கோலாலோ வெட்டியிருந்தால், முனை சாய்வாகவோ நசுங்கி நீள்வட்டமாகவோ இருக்கும். ஃபிட்டிங்குக்குள் முதலில் டியூபைக் கவ்விப் பிடிக்கும் பற்களும், அதற்கு அப்பால் ரப்பர் ஓ-ரிங்கும், கடைசியில் டியூப் முட்டி நிற்கும் இடமும் உள்ளன. தண்ணீரைத் தடுப்பது ஓ-ரிங் மட்டுமே என்பதால், அது அணைத்துக்கொள்ளும் பகுதியில் நீளவாக்கில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு இருந்தாலும், அதன் வழியே தண்ணீர் வெளியேறிவிடும்.

டியூபுக்குத் தண்ணீர் விடும் சின்ன வால்வை மூடி, ஃபிரிட்ஜில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து அழுத்தத்தை இறக்குங்கள். பிறகு ஃபிட்டிங்கின் வாயிலுள்ள வளையத்தைச் சுற்றிலும் சமமாக அழுத்திக்கொண்டு டியூபை உருவுங்கள். பழைய முனையில் மூன்று சென்டிமீட்டரைக் கழித்துவிட்டு, புது பிளேடால் நேர்குத்தாக வெட்டி, முனையிலிருந்து 15 மில்லிமீட்டரில் பேனாவால் கோடு போடுங்கள். செருகும்போது பாதியில் ஒரு தடை தட்டுப்படும். அது ஓ-ரிங். பலரும் அதையே முடிவு என்று எண்ணி அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் அழுத்தினால் டியூப் சட்டென்று உள்ளே இறங்கி, பேனாக் கோடு ஏறக்குறைய மறைந்துவிடும்.

இப்படிச் செய்தும் சொட்டினால், டியூப் 6 மில்லிமீட்டர் அளவினதா என்று பாருங்கள். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். காற்று வேலைகளுக்கு விற்கப்படும் 6 மில்லிமீட்டர் டியூபை இந்த ஃபிட்டிங் கவ்விக்கொள்ளும், ஆனால் ஓ-ரிங் முழுமையாக அணைக்காது.

கோவை வாசகி: மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் நல்ல வேகமாகவே வருகிறது. ஆனால் ஐஸ் கட்டி சிறியதாக விழுகிறது. சில நாள் ஐஸ் பெட்டியில் தண்ணீர் வழிந்து பாறையாகிவிடுகிறது. ஜாயின்ட் லீக்கா?

ஜாயின்டில் கோளாறு இருப்பதாகத் தோன்றவில்லை. அகலமான குழாயில் தண்ணீர் கொட்டுவதை வைத்து அழுத்தத்தைக் கணிக்க இயலாது. தாங்கள் எழுதியபடி, தொட்டியின் நீர்மட்டம் தரைத்தள ஃபிரிட்ஜின் இணைப்பிலிருந்து சுமார் 7 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் என்று கொண்டால், தங்களுக்குக் கிடைப்பது 0.7 பார். இத்தகைய ஃபிரிட்ஜ்கள் பலவற்றின் கையேட்டில் குறைந்தபட்சமாக 20 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 1.4 பார் கேட்கப்பட்டிருக்கும். அந்த அழுத்தம் தொட்டியிலிருந்து நேரடியாகக் கிடைக்க 14 மீட்டர் உயரம் வேண்டும். தங்கள் கையேட்டில் உள்ள எண்ணையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தாங்கள் சொன்ன இரண்டு தொல்லைகளும் இந்த ஒரே காரணத்தால் வரக்கூடியவை. ஐஸ் தட்டுக்குத் தண்ணீர் விடும் மின்வால்வு பெரும்பாலான மாடல்களில் குறிப்பிட்ட சில விநாடிகளே திறந்திருக்கும். அழுத்தம் குறைந்தால் அந்த நேரத்துக்குள் தட்டு நிரம்பாது, கட்டி சிறுத்துவிடும். அதே வால்வு இறுக மூடிக்கொள்வதற்கும் குழாயிலுள்ள தண்ணீரின் அழுத்தத்தையே நம்பியிருக்கிறது. அது போதாதபோது வால்வு அரைகுறையாக மூடி, இரவெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும்.

ஐஸ் பெட்டியைக் காலி செய்துவிட்டு, ஓரிரவு சின்ன வால்வை மூடி வையுங்கள். காலையில் புதிய வழிசல் இல்லையென்றால், தண்ணீர் மின்வால்வைத் தாண்டிக் கசிகிறது என்று கொள்ளலாம். அதன் பின் பிரஷர் சுவிட்ச் உள்ள சிறிய பூஸ்டர் பம்ப் வைத்துப் பாருங்கள். பம்ப் வைத்தும் வழிந்தால், மின்வால்வின் வாயில் மணல் சிக்கியிருக்கக்கூடும். இரண்டில் எது என்று இப்போதே அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை.

வீட்டு ஆர்.ஓ.விலிருந்து டியூப் இழுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சுவரில் மாட்டும் ஆர்.ஓ.க்களில் பெரும்பாலானவற்றின் தொட்டி அழுத்தமில்லாத வெறும் தொட்டிதான் என்பதால், அங்கும் பம்ப் தேவைப்படும்.

சென்னை வாசகர்: மரை இருக்கும் இடமெல்லாம் டெஃப்லான் டேப்பைச் சுற்றி, ஸ்பேனரால் நன்றாக முறுக்கினால் லீக் என்ற பேச்சே வராது. என் அனுபவம் இது.

பாதி சரி. சுவர்க் குழாயில், டியூபுக்குத் தண்ணீரைப் பிரித்து விடும் அரை அங்குல டைவர்ட்டரைப் பொருத்தும் இடத்தில் மரைதான் தண்ணீரைத் தடுக்கிறது. அங்கே டேப் அவசியம், அதையும் மரை ஏறும் திசையிலேயே சுற்ற வேண்டும். ஆனால் ஃபிரிட்ஜின் பின்புறம் வரும் பெரிய நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறது. அங்கே தடுப்பது வாஷரின் முகம். டேப் சுற்றினால் நட்டு முழுதாக ஏறாமல், வாஷர் சரியாக அமராமல் போகக்கூடும். பிளாஸ்டிக் நட்டைக் கையால் இறுக்கிய பின் கால் சுற்று போதும். ஸ்பேனரால் வன்மையாக முறுக்கிய நட்டில் மயிரிழை விரிசல் விழுந்து, சில நாள் கழித்தே கசிவு தெரிந்ததை நானே என் வீட்டில் கண்டு, ஒரு மரப்பலகைத் தரையை இழந்திருக்கிறேன்.

மதுரை வாசகி: எங்கள் கேன் தண்ணீர் டிஸ்பென்சருக்கு அடியிலும் தண்ணீர் தேங்குகிறது. டியூபை மாற்றினால் சரியாகுமா?

இங்கே பேசப்படுவது குழாயோடு இணைக்கும் வகை. தங்களுடையதில் வெளியிலிருந்து வரும் டியூபே கிடையாது. முதலில் வேறு கேனைக் கவிழ்த்துப் பாருங்கள். கேனில் மெல்லிய விரிசல் இருந்தால், அதன் வழியே காற்று புகுந்து, உள்தொட்டி நிரம்பி வழியும்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற பிளம்பர்: குழாயைக் குத்தி மாட்டும் வால்வை யாருக்கும் பரிந்துரைக்காதீர்கள். டியூபும் பித்தளை கம்ப்ரஷன் ஃபிட்டிங்கில்தான் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் புஷ் ஃபிட்டிங்கை நான் நம்புவதில்லை. எலி கடித்த டியூப்களையும் எத்தனையோ மாற்றியிருக்கிறேன்.

குத்தி மாட்டும் வால்வைப் பற்றித் தாங்கள் சொல்வதை அப்படியே ஏற்கிறேன் ஐயா. அதன் துளை சிறியது, உப்பு படிந்து அடைபடும், பிளாஸ்டிக் குழாயில் விரிசலுக்கும் வழி வைக்கும். பித்தளையைப் பற்றி ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: பிளாஸ்டிக் டியூபை அதில் பொருத்தும்போது, டியூபுக்குள் செருகும் சிறு குழலைப் போடாவிட்டால், இறுக்க இறுக்க டியூப் உள்வாங்கி நழுவும். அதைச் சரியாகப் போடும் கை தங்களுக்கு உண்டு. வீட்டுக்காரர் தானே செய்கையில், நேராக வெட்டிய டியூபுக்குப் புஷ் ஃபிட்டிங்தான் பிழை குறைந்தது என்பது என் எண்ணம். இதில் தங்களுக்கும் எனக்கும் ஒத்துவராது. எலிக்கு, ஃபிரிட்ஜின் பின்னால் வரும் பகுதியை மட்டுமாவது உலோகப் பின்னல் ஹோஸாக மாற்றலாம்.

தஞ்சாவூர் வாசகர்: வேலை முடிந்ததும் எவ்வளவு நேரம் பார்த்தால் போதும்? மழைக்காலத்தில் டியூப் வியர்க்கிறது. அது லீக்கா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வால்வைத் திறந்து ஐந்து நிமிடம் நின்று பார்ப்பது போதாது. முதலில் ஃபிரிட்ஜிலிருந்து சில லிட்டர் தண்ணீரை வெளியேற்றி, உள்ளிருக்கும் காற்றைப் போக்குங்கள். பின்னர் ஒவ்வொரு ஜாயின்டையும் துடைத்து, ஒற்றைத் தாள் டிஷ்யூவைச் சுற்றி, ஒரு நாள் முழுதும் விட்டுவையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் டிஷ்யூவில் கருவட்டமாகத் தெரியும். பிரஷர் பம்ப் உள்ள வீட்டில், எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும் இரவில்தான் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் என்பதால், அந்த இரவைத் தாண்டாத சோதனையை நான் சோதனையாகவே கொள்வதில்லை.

வியர்வை டியூபின் நீளமெங்கும் பொடிப்பொடியாகப் படியும். கசிவோ ஜாயின்டில் தொடங்கி, அதற்குக் கீழே மட்டுமே நனைக்கும். ஃபிரிட்ஜைத் தள்ளுவதற்கு முன், பின்புறம் இரண்டு மீட்டர் டியூபை அகன்ற சுருளாக விட்டு, எங்கும் மடியவில்லை என்று விரலால் தடவிப் பாருங்கள். ஃபிரிட்ஜை இடத்தில் நிறுத்திய பிறகு டார்ச் அடித்து டிஷ்யூவை இன்னொருமுறை பாருங்கள். தள்ளும்போது டியூப் இழுபட்டு, அதுவரை காய்ந்திருந்த தாள் நனைந்துபோவதும் உண்டு.